ரெரா கணக்கு ஏன் டேலி ஆகவில்லை?

ஒரு சிறிய கட்டுமான நிறுவனத்தில் நீங்கள் கணக்கு எழுதுகிறீர்கள். மார்ச் முடிந்துவிட்டது. ஆடிட்டர் கேட்பது மூன்று: வாங்குவோருக்குக் கொடுத்த ரசீதுகளின் பட்டியல், ரெரா கணக்கின் வங்கி ஸ்டேட்மெண்ட், பணம் எடுக்க வாங்கிய சான்றிதழ்கள். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எங்கே தொடங்குவது?

ரெரா கணக்கு என்பது என்ன?

2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (சுருக்கமாக ரெரா) சொல்வது இது. வீடு வாங்குவோரிடம் வசூலிக்கும் தொகையில் 70 சதவீதத்தை அந்தத் திட்டத்துக்கென்றே திறந்த தனிக் கணக்கில் போட வேண்டும். நிலத்தின் விலைக்கும் கட்டுமானச் செலவுக்கும் மட்டுமே அதை எடுக்கலாம். இதைத்தான் பலர் எஸ்க்ரோ கணக்கு (நிபந்தனைக்குக் கட்டுப்பட்ட கணக்கு) என்கிறார்கள்.

70 சதவீதம் எப்படி அங்கே போகிறது?

நம் கதையில் வாங்குவோர் செலுத்தும் பணம் முதலில் வசூல் கணக்கில் விழுகிறது. அன்றிரவே வங்கி அதில் 70 சதவீதத்தைத் தானாக ரெரா கணக்குக்கு மாற்றிவிடுகிறது. ஜிஎஸ்டியைத் தனியாக வாங்கி வேறு கணக்கில் வைக்கிறீர்கள் என்றும் கொள்வோம். தவணையோடு சேர்த்து வாங்கினால் அதிலும் 70 சதவீதம் ரெரா கணக்குக்குப் போய்விடும். வரி கட்டும் நாளில் கையைக் கடிக்கும்.

ரசீதும் ஸ்டேட்மெண்டும் ஏன் ஒத்துப்போவதில்லை?

ஜனவரி முதல் மார்ச் வரை ரசீதுப் பட்டியலின் கூட்டுத்தொகை 2 கோடி ரூபாய். 70 சதவீதம் என்றால் 1 கோடியே 40 லட்சம் வந்திருக்க வேண்டும். ஸ்டேட்மெண்டில் வரவு 1,17,81,000 ரூபாய்தான். 22,19,000 ரூபாய் குறைகிறது.

பதற வேண்டாம். மொத்தத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு ரசீதாக எடுங்கள். அதன் எதிரே பணம் எந்தத் தேதியில், எந்தக் கணக்கில் வரவானது என்று எழுதுங்கள். எதிரே எழுத ஏதும் கிடைக்காத ரசீதுகள்தான் உங்கள் வேலை.

முதல் காரணம் டிடிஎஸ் (பணம் தருபவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி). வீட்டின் விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். ரசீதை முழுத் தொகைக்கு எழுதுகிறீர்கள். வங்கிக்கு நூற்றுக்கு 99 ரூபாய்தான் வருகிறது. நம் கணக்கில் எல்லா வீடுகளும் 50 லட்சத்துக்கு மேல். ஆக டிடிஎஸ் 2 லட்சம். அதன் 70 சதவீதம் 1,40,000.

இரண்டாவது, மார்ச் 30 அன்று வாங்கிய காசோலை. பிடித்தம் போக 9,90,000 ரூபாய். வங்கியில் வரவானது ஏப்ரலில். இதன் 70 சதவீதம் 6,93,000. இது வெறும் காலதாமதம். ஏப்ரல் ஸ்டேட்மெண்டில் அந்த வரவைக் காட்டிவிட்டால் முடிந்தது.

மூன்றாவதுதான் உண்மையான தவறு. ஒருவரின் வீட்டுக்கடன் தவணை 19,80,000 ரூபாயை, கடன் தந்த வங்கி உங்கள் நிறுவனத்தின் பழைய நடப்புக் கணக்கில் போட்டுவிட்டது. யாரோ எப்போதோ கொடுத்த கணக்கு எண். அந்தப் பணம் வசூல் கணக்கைத் தொடவே இல்லை. அதன் 70 சதவீதம் 13,86,000.

மூன்றையும் கூட்டுங்கள்: 22,19,000. குறைந்த தொகை முழுவதற்கும் காரணம் கிடைத்துவிட்டது.

இப்போது என்ன செய்வது?

13,86,000 ரூபாயை இன்றே நடப்புக் கணக்கிலிருந்து ரெரா கணக்குக்கு மாற்றுங்கள். கடன் தந்த வங்கிக்குச் சரியான கணக்கு எண்ணை எழுத்தில் கொடுங்கள். டிடிஎஸ் தொகையும் வாங்குபவரின் பணம்தான். ஆகவே அதற்குரிய 1,40,000 ரூபாயை நிறுவனத்தின் 30 சதவீதப் பங்கிலிருந்து போட்டுவிடுவது பாதுகாப்பான வழி. வாங்குபவர் வரியை உண்மையில் கட்டினாரா என்பதற்குப் பிடித்தச் சான்றிதழை வாங்கி ரசீதோடு சேர்த்து வையுங்கள்.

ஐந்தாம் தளம் போட்டாயிற்று, வாங்குவோரும் தவணை கட்டிவிட்டார்கள். அதை எடுத்துக்கொள்ளலாம்தானே?

பலரும் சறுக்குவது இங்கேதான். வாங்குவோர் எப்போது கட்ட வேண்டும் என்பது விற்பனை ஒப்பந்தத்தில் உள்ள தவணை அட்டவணை. நீங்கள் எவ்வளவு எடுக்கலாம் என்பது திட்டம் எத்தனை சதவீதம் முடிந்தது என்பதைப் பொறுத்தது. பொறியாளர், கட்டட வடிவமைப்பாளர், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்று தந்த பிறகே எடுக்க முடியும்.

நம் திட்டத்தின் மொத்த மதிப்பீடு, நிலமும் சேர்த்து, 16 கோடி. இதுவரை ஆன செலவு 7 கோடியே 20 லட்சம். அதாவது 45 சதவீதம். ஆகவே தொடக்கத்திலிருந்து மொத்தமாக எடுக்கக்கூடிய உச்சவரம்பு 7 கோடியே 20 லட்சம். டிசம்பர் வரை எடுத்தது 6 கோடியே 10 லட்சம்.

ஸ்டேட்மெண்டின் பற்றுப் பக்கத்தில் ஜனவரியில் 40 லட்சம், பிப்ரவரியில் 45 லட்சம், மார்ச் 12-ல் 6 லட்சம், மார்ச் 16-ல் 25 லட்சம். மொத்தம் 1 கோடியே 16 லட்சம். பழையதோடு கூட்டினால் 7 கோடியே 26 லட்சம். வரம்பை 6 லட்சம் தாண்டிவிட்டது.

ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் இருக்கிறதே, எப்படித் தாண்டும்?

மார்ச் 14 தேதியிட்ட சான்றிதழை எடுத்துப் பாருங்கள். ‘இதுவரை எடுத்தது’ என்ற வரியில் 6 கோடியே 95 லட்சம் என்று இருக்கிறது. அது மார்ச் 10 நிலவரம். பிப்ரவரிச் சான்றிதழ் 51 லட்சத்துக்கு அனுமதி தந்திருந்தது. அதில் எடுக்காமல் விட்ட 6 லட்சத்தை மார்ச் 12-ல் எடுத்தீர்கள். அது புதுச் சான்றிதழில் ஏறவில்லை. ஏறியிருந்தால் 19 லட்சத்துக்குத்தான் அனுமதி கிடைத்திருக்கும்.

கூடுதலாக எடுத்த 6 லட்சத்தைத் திரும்பக் கட்டி, ஏன் என்று ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள். இனிமேல் ‘இதுவரை எடுத்தது’ என்ற எண்ணை உங்கள் பேரேட்டிலிருந்து எழுதாதீர்கள். சான்றிதழ் தேதியன்று எடுத்த ஸ்டேட்மெண்டிலிருந்து எழுதுங்கள். புதுச் சான்றிதழ் வந்ததும் பழையதில் மிச்சமிருக்கும் அனுமதி காலாவதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும்?

நிதியாண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30-க்குள், பட்டயக் கணக்காளர் இந்தக் கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும். வசூலித்த பணம் இதே திட்டத்துக்குச் செலவானதா, எடுத்தது வேலையின் அளவுக்கு ஏற்றதா என்று அவர் எழுதித் தர வேண்டும். விதி மீறியது உறுதியானால் திட்ட மதிப்பீட்டில் 5 சதவீதம் வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. நம் 16 கோடித் திட்டத்தில் அது 80 லட்சம் வரை போகலாம்.

ஆகவே இந்த வேலையைச் செப்டம்பர் வரை தள்ளாமல், ஒவ்வொரு மாதமும் ஸ்டேட்மெண்ட் வந்த வாரத்திலேயே முடித்துவிடுங்கள். வழி தவறிய ஒரு தவணையை அந்த மாதமே பிடித்தால் ஒரு பணமாற்றத்தோடு சரியாகிவிடும். ஆறு மாதம் கழித்துப் பிடித்தால் அந்தப் பணம் வேறு செலவுக்குப் போயிருக்கும்.