கால் சொல்வதைக் கேட்கும் மோட்டார்

பவர் மிஷினில் பிளவுஸ் தைப்பவருக்கு நேர்த் தையல் பெரிய வேலையல்ல. கழுத்து வளைவில் பைப்பிங் வைக்கும்போதும், பட்டியின் மூலையில் ஊசியைத் துணியிலேயே நிறுத்தித் திருப்பும்போதும்தான் சோதனை வரும். அங்கே இரண்டு தையல் போதும். ஆனால் கால் சற்று அழுந்தினாலும் நான்கைந்து தையல் ஓடிவிடுகிறது. பட்டுத் துணியாக இருந்தால் பிரித்த பிறகும் ஊசித் துளை மறையாது. தைப்பவர் தன் கைப்பழக்கத்தைக் குறை சொல்லிக்கொள்கிறார். பல நேரம் குறை இருப்பது மேஜைக்கு அடியில் தொங்கும் மோட்டாரில்.

பழைய பவர் மிஷின்களில் இருப்பது கிளட்ச் மோட்டார். சுவிட்சைப் போட்டதும் அது முழு வேகத்தில் சுற்றத் தொடங்கும், அணைக்கும்வரை நிற்காது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 சுற்று சுற்றும் வகையே துணி தைக்கும் மிஷின்களில் அதிகம். உள்ளே கனமான இரும்புச் சக்கரம் ஒன்று மோட்டாரோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை அழுத்தினால் கார்க் ஒட்டிய தட்டு அந்தச் சக்கரத்தில் போய் உரசி, பெல்ட் வழியாக மிஷினை இழுக்கும். காலை எடுத்தால் தட்டு விலகி பிரேக்கில் படியும்.

ஆகவே இந்த மோட்டாருக்கு ஒரே வேகம்தான் உண்டு. மெதுவாகத் தைக்க வேண்டுமானால் கார்க் தட்டு முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும்படி காலைப் பாதியில் தாங்க வேண்டும். மேடான சாலையில் பஸ் டிரைவர் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து வைப்பது போன்ற வேலை இது. நாள் முழுவதும் இப்படிச் செய்தால் கணுக்கால் வலிக்கும், கார்க்கும் தேயும். கார்க் தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது எளிது: பெடல் வெகுதூரம் இறங்கிய பிறகே மிஷின் அசையும், பிறகு ஒரேயடியாகப் பாயும். காலை எடுத்த பின்னும் இரண்டு மூன்று தையல் போகிறதென்றால் பிரேக் சரியாகப் படியவில்லை. இடைவெளியைச் சரிசெய்தாலோ கார்க்கை மாற்றினாலோ மிஷின் மறுபடி வழிக்கு வரும், செலவும் அதிகமில்லை.

சர்வோ மோட்டாரில் இந்த உரசலே கிடையாது. காந்தம் பொருத்திய சுழலி, அதைச் சுற்றிக் கம்பிச் சுருள், பக்கத்தில் ஒரு மின்னணுப் பெட்டி. பெடல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை ஒரு சென்சார் படித்துப் பெட்டிக்குச் சொல்கிறது. பெட்டி அதற்கேற்ற வேகத்தில் மோட்டாரைச் சுற்ற வைக்கிறது. கால் இறங்காவிட்டால் மோட்டார் அசையாது. பெட்டியிலுள்ள குமிழையோ பொத்தானையோ வைத்து உச்ச வேகத்துக்கும் எல்லை கட்டலாம். மோட்டார் புல்லி 100 மி.மீ., மிஷின் சக்கரம் 75 மி.மீ. என்றால், கிளட்ச் மோட்டாரின் 2,850 சுற்று நிமிடத்துக்கு 3,800 தையலாகிறது. அதே புல்லியில் சர்வோவை 1,500 சுற்றோடு நிறுத்தினால் 2,000 தையல்தான். பழகும் பெண் பெடலை முழுதாக மிதித்தாலும் துணி கையை விட்டு ஓடாது.

சத்தத்திலும் இதே வித்தியாசம்தான். கிளட்ச் மோட்டாரின் ரீங்காரம் தைக்காத நேரத்திலும் ஓயாது. சர்வோ தைக்கும்போது மட்டும் ஒலிக்கும். ஆனால் வேகமாகத் தைக்கும்போது எழும் இரைச்சலில் பெரும்பங்கு மிஷினுடையது. ஊசித் தண்டும் கீழே சுழலும் கொக்கியும் பல்லும் எழுப்பும் ஒலியை எந்த மோட்டாரும் குறைக்காது. வீட்டுக் கூடத்தில் மிஷின் போட்டவருக்குச் சர்வோ தருவது இடைவேளைகளின் அமைதி.

மின்செலவைத் தீர்மானிப்பதும் அந்த இடைவேளைகள்தான். ஒரு சிறு கடையில் மிஷின் 8 மணி நேரம் ‘ஆன்’ செய்யப்பட்டிருக்கிறது. துணியை மடிப்பது, பின் குத்துவது, நூல் மாற்றுவது, அளவெடுக்க எழுவது எல்லாம் போக, ஊசி ஓடுவது 2 மணி நேரம் என்று கொள்வோம். கிளட்ச் மோட்டார் சும்மா சுற்றும்போது 200 வாட், தைக்கும்போது 300 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 1.8 யூனிட். சர்வோ காத்திருக்கும்போது 10 வாட், தைக்கும்போது 150 வாட் என்றால் 0.36 யூனிட். மாதம் 25 நாள் வேலைக்கு மிச்சம் 36 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 288 ரூபாய். மோட்டாருக்கு 5,000 ரூபாய் கொடுத்திருந்தால் ஒன்றரை ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். ஊசி இடைவிடாது ஓடும் கம்பெனியில் மிச்சம் இவ்வளவு விகிதத்தில் இராது. நாளுக்கு ஒரு மணி நேரமே தைத்து, எழும்போதெல்லாம் சுவிட்சை அணைப்பவருக்கும் அப்படித்தான். சர்வோவின் மேல் 550 வாட் என்று எழுதியிருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது உச்ச அளவு, எப்போதும் எடுப்பது அல்ல.

உங்கள் மோட்டாரின் கணக்கை நீங்களே பார்த்துவிடலாம். மின் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். அருகே யூனிட்டுக்கு 3,200 துடிப்பு என்பது போல ஓர் எண் இருக்கும். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கிளட்ச் மோட்டாரை மட்டும் சும்மா ஓடவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3,200 மீட்டரில் நிமிடத்துக்கு ஒரு மினுக்கு என்பது 18.75 வாட். 11 முறை மினுக்கினால் 206 வாட்.

சர்வோ கைவிடும் இடமும் ஒன்று உண்டு. கனத்த பைக்கும் ஜீன்ஸ் மடிப்புக்கும் கிளட்ச் மோட்டாரின் சுழலும் இரும்பு தன் கனத்தாலேயே ஊசியைத் தள்ளிவிடும். விலை குறைந்த சர்வோ மெதுவான வேகத்தில் அங்கே திணறி நிற்கலாம். இன்னொன்று, சில சர்வோக்கள் புறப்படும் வேகமே நிமிடத்துக்கு 300 சுற்று, 100 மி.மீ. புல்லியில் அது 400 தையல், அதாவது நொடிக்கு ஆறேழு. இரண்டுக்கும் மருந்து சிறிய புல்லி. 50 மி.மீ. புல்லி போட்டால் தொடக்க வேகம் 200 தையலாகக் குறையும், ஊசியைத் தள்ளும் வலு ஏறத்தாழ இரட்டிப்பாகும். உச்ச வேகமும் பாதியாகும் என்பதே விலை. புல்லியின் துளை மோட்டார் தண்டுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பெல்ட்டும் சற்றுக் குட்டையாக வேண்டியிருக்கும். மாட்டிய பின் கைச்சக்கரத்தின் மேல்புறம் உங்களை நோக்கிச் சுற்றுகிறதா என்று பாருங்கள். எதிர்ப்புறம் சுற்றினால் பெட்டியில் திசையை மாற்றிவிடலாம்.

பாதுகாப்பில் இரண்டும் இரண்டு விதமாக ஏமாற்றும். கிளட்ச் மோட்டாரை அணைத்த பின்னும் இரும்புச் சக்கரம் சிறிது நேரம் சுற்றும். அப்போது பெடலில் கால் பட்டால் ஊசி இறங்கும். சர்வோவோ ‘ஆன்’ செய்யப்பட்டிருந்தும் ஊமையாக இருக்கும். ஊசி மாற்றும்போதும் நூல் கோக்கும்போதும் கிளட்ச்சில் அணைத்துவிட்டுச் சக்கரம் நிற்கும்வரை பொறுக்க வேண்டும். சர்வோவில் சத்தமில்லையே என்று நம்பாமல் அணைக்க வேண்டும்.

மோட்டார் வாங்கப் போகும்போது நீங்கள் தைப்பதிலேயே கனமான துணியில் ஒரு துண்டு எடுத்துப் போங்கள். கடைக்காரர் உச்ச வேகத்தைத்தான் முதலில் காட்டுவார். அதைப் பார்த்துவிட்டு, அந்தத் துணியை நான்காக மடித்து வைத்து, ஒவ்வொரு தையலாக, ஊசி நடுவில் நிற்காமல் தைக்க முடிகிறதா என்று உங்கள் காலாலேயே மிதித்துப் பாருங்கள். முடிந்தால் அது உங்கள் வேலைக்கான மோட்டார். முடியாவிட்டால் சிறிய புல்லி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் நின்றால் வேறு மோட்டாரைப் பாருங்கள்.