தாமதமாக வந்த கல்யாண ஆல்பம்: கையில் வாங்கும்போதே எழுத வேண்டிய ஒரு வரி

கல்யாணம் முடிந்து பல மாதங்கள் கழித்து ஆல்பம் வந்து சேர்கிறது. இடையில் வாட்ஸ்அப்பில் எத்தனையோ முறை, "அண்ணா, ஆல்பம் எப்போ வரும்?" என்று கேட்டாயிற்று. "டிசைன்ல இருக்கு சிஸ்டர்", "லேப்ல இருக்கு சிஸ்டர்" என்ற பதில்களும் வந்தாயிற்று. கடைசியில் ஆல்பம் கைக்கு வந்ததும், வந்ததே போதும் என்ற நிம்மதியில் பெரும்பாலான வீடுகளில் பாக்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, "கிடைச்சிடுச்சு அண்ணா, ரொம்ப நன்றி" என்று ஒரு செய்தி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து நிதானமாகப் புரட்டும்போதுதான், எடிட் செய்து தருவதாகச் சொன்ன படங்களில் பாதி இல்லை என்பது தெரிகிறது. பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கேட்கலாம் என்று நினைக்கும்போது, அந்த நன்றிச் செய்தியே எதிராக வந்து நிற்கிறது.

இதற்குக் காரணம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 55-ஆவது பிரிவு, காலக்கெடு முக்கியமாக இருந்த ஒப்பந்தத்தில் ஒருவர் கெடு தாண்டி வேலையை முடித்துத் தந்து, மற்றவர் அதை ஏற்றுக்கொண்டால், தாமதத்துக்காகப் பின்னால் இழப்பீடு கேட்க முடியாது என்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது. ஏற்றுக்கொள்ளும் நேரத்திலேயே, இழப்பீடு கேட்கப்போகிறேன் என்று அறிவித்துவிட்டால் உரிமை போகாது. காலக்கெடு அவ்வளவு முக்கியமல்லாத ஒப்பந்தம் என்றால், அறிவிக்காவிட்டாலும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் நம்முடையது எந்த வகை என்று பின்னால் வாதாடிக்கொண்டிருப்பதைவிட, ஆல்பத்தை வாங்கும்போதே ஒரு வரி எழுதிவிடுவது எளிது. "ஆல்பத்தை இன்று பெற்றுக்கொண்டேன், தாமதத்துக்கும் விடுபட்டவற்றுக்கும் இழப்பீடு கேட்கும் என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை." இதை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஸ்டுடியோவில் கையெழுத்துக் கேட்டால் அந்தத் தாளிலேயே எழுதலாம். பாக்கிப் பணம் கொடுத்தால்தான் ஆல்பம் என்று சொன்னால், பணத்தைக் கொடுக்கும்போதும் இதே வரியை அனுப்பிவிடலாம்.

அடுத்து எண்ண வேண்டும். "நிறைய படம் காணோம்" என்ற புகாருக்கு எந்த ஸ்டுடியோவும் அசையாது. "இந்த 62 எண்கள் வரவில்லை" என்றால் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்யும்போது DSC_4312 போன்ற ஃபைல் பெயர்களைத்தான் பட்டியலாக அனுப்பியிருப்போம். எடிட் செய்த படங்களும் பெரும்பாலும் அதே எண்ணோடுதான் திரும்பி வரும். இரண்டையும் அருகருகே வைத்து, வராத எண்களைத் தனித்தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

வராத படங்கள் எல்லாம் ஒரே காரணத்தால் வராமல் போனவை அல்ல. எடுத்து வைத்தும் எடிட் செய்யாமல் விட்டிருக்கலாம். எடுத்த ஃபைலே தொலைந்திருக்கலாம். அந்தத் தருணத்தை எடுக்காமலே விட்டிருக்கலாம். கேமரா படங்களுக்கு வரிசையாக எண் போடும் என்பதால், நம்மிடம் உள்ள மொத்தப் படங்களை எண் வரிசையில் அடுக்கினாலே ஓரளவு புரிந்துவிடும். இங்கே ஒன்றும் அங்கே இரண்டுமாக எண்கள் விடுபட்டிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. கண் மூடியது, ஆடிப்போனது என்று போட்டோகிராபர் கழித்த படங்கள் அவை. DSC_4390-க்கு அடுத்து DSC_4471 என்று ஒரேயடியாகத் தாவி, அது மாங்கல்யதாரண நேரமாகவும் இருந்தால், மெமரி கார்டோ ஹார்டு டிஸ்க்கோ பழுதாகியிருக்கலாம். படம் எடுத்த நேரத்தைக் கம்ப்யூட்டரில் Properties-க்குள் Details பகுதியில் பார்க்கலாம். இரண்டு கேமராக்கள் பயன்படுத்தியிருந்தால் எண்கள் கலந்திருக்கும் என்பதால், அங்கேயே கேமரா மாடலையும் பார்த்துத் தனித்தனியாக அடுக்க வேண்டும். எண் 9999-ஐத் தொட்டதும் கேமரா மறுபடி 0001-இல் தொடங்கும். அதைத் தொலைந்த படம் என்று எண்ணிவிடக் கூடாது.

காரணம் தெரிந்தால் எதைக் கேட்பது என்பதும் தெளிவாகிவிடும். எடிட் செய்யாமல் விட்ட படம் என்றால் எடிட் செய்து தரச் சொல்லலாம், அல்லது அதற்கான பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். தொலைந்த படத்துக்குப் பணம் ஒன்றுதான் வழி. எதுவானாலும் முதல் நாளே, "எங்கள் கல்யாணத்தின் மூல ஃபைல்கள் எதையும் அழிக்க வேண்டாம்" என்று எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. அடுத்தடுத்த கல்யாணங்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காக ஸ்டுடியோக்கள் பழைய ஃபைல்களை அழிப்பது வழக்கம். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் பதிப்புரிமை, வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே உரியது என்று 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் சொல்கிறது. மூல ஃபைல்களைக் கேட்கும்போது இந்த வாதம் கைகொடுக்கும்.

எவ்வளவு கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கல்யாணத்தன்று வந்து இரண்டு நாள் படம் எடுத்துக் கொடுத்தவரிடம் முழுப் பணத்தையும் கேட்டால், செய்த வேலைக்கும் கூலி இல்லையா என்ற கேள்வி எழும். செய்யாத பகுதிக்கு மட்டும், கணக்கோடு கேட்டால் கோரிக்கைக்கு வலு கூடும். அந்தக் கணக்குக்கு நல்ல அடிப்படை, போட்டோகிராபர் தந்த கொட்டேஷன்தான். கூடுதல் எடிட் படத்துக்கு இவ்வளவு, கூடுதல் ஷீட்டுக்கு இவ்வளவு என்று அவரே விலை போட்டிருந்தால், குறைந்த படத்துக்கும் குறைந்த ஷீட்டுக்கும் அதே விலையைத் திருப்பிக் கேட்கலாம். அவர் வைத்த விலை என்பதால் அதிகம் என்று அவரால் சொல்ல முடியாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். மதுரையில் தை மாதக் கல்யாணம். மொத்தம் ரூ.1,40,000, அதில் ஆல்பத்துக்கு ரூ.30,000. எடிட் செய்த படங்கள் 200, ஆல்பம் 40 ஷீட், தேர்வுப் பட்டியல் கொடுத்த 60 நாளில் டெலிவரி என்பது பேச்சு. கூடுதல் படத்துக்கு ரூ.150, கூடுதல் ஷீட்டுக்கு ரூ.500 என்று கொட்டேஷனில் இருக்கிறது. வந்ததோ 138 படங்களும் 36 ஷீட்டும். பெண்ணின் அப்பா இப்படி எழுதலாம்:

"ஐயா, என் மகளின் திருமணத்துக்கு (பிப்ரவரி 1) போட்டோவும் ஆல்பமும் தர ரூ.1,40,000-க்கு ஒப்புக்கொண்டீர்கள். முழுத் தொகையையும் செலுத்திவிட்டேன். தேர்வுப் பட்டியலை மார்ச் 10 அன்று அனுப்பினேன். மே 9-க்குள் வர வேண்டிய ஆல்பம் அக்டோபர் 14 அன்றுதான் வந்தது. அன்றே, என் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று செய்தி அனுப்பியிருக்கிறேன். எடிட் செய்த படங்களில் 62 வரவில்லை. எண்களின் பட்டியலை இணைத்துள்ளேன். ஆல்பத்தில் 4 ஷீட் குறைகிறது. இவற்றை 15 நாளுக்குள் முடித்துத் தந்து, தாமதத்துக்கு ரூ.6,000 தாருங்கள். முடியாவிட்டால் படங்களுக்கு ரூ.9,300, ஷீட்டுகளுக்கு ரூ.2,000, தாமதத்துக்கு ரூ.6,000 என மொத்தம் ரூ.17,300 திருப்பித் தாருங்கள். அதுவரை மூல ஃபைல்களை அழிக்க வேண்டாம்."

படத்துக்கும் ஷீட்டுக்கும் கேட்ட தொகை கொட்டேஷனிலிருந்து நேராக வருவது. தாமதத்துக்கான ரூ.6,000 அப்படி அல்ல. ஒரு நாள் தாமதத்துக்கு இவ்வளவு என்று சட்டம் எந்த விலையும் வைக்கவில்லை. ஆல்பத்தின் விலையில் ஐந்தில் ஒரு பங்கை அவர் கேட்கிறார். பேச்சுவார்த்தையில் கூடக் குறையக்கூடிய பகுதி அதுதான். கடிதத்தில் கோபமோ, இணையத்தில் போட்டுவிடுவேன் என்ற மிரட்டலோ இல்லை என்பதைக் கவனியுங்கள். நாளை இதே கடிதத்தை ஓர் ஆணையம் படிக்கலாம். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பிலும் ஒரு படி அனுப்ப வேண்டும். பழைய உரையாடலை அழிக்கக் கூடாது. போனை மாற்றினாலும் பத்திரப்படுத்த வேண்டும்.

கடிதம் எழுதும் முன் நம் பக்கத்து தேதிகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணம் பிப்ரவரியில் முடிந்தும், இரு வீட்டாரும் கூடிப் படம் தேர்வு செய்து முடிக்க ஜூலை ஆகிவிட்டது என்றால், 60 நாள் ஜூலையிலிருந்துதான் ஓடும். டிசைனைப் பார்த்து "ஓகே" சொல்ல எடுத்துக்கொண்ட நாட்களையும் கழிக்க வேண்டும். டிசைன் நிலையிலேயே 36 ஷீட்டைப் பார்த்து ஒப்புக்கொண்டிருந்தால், 4 ஷீட்டுக்கான கோரிக்கை பலவீனமாகிவிடும். இவற்றை நாமே கழித்துவிட்டுக் கேட்டால், மிச்சமுள்ள கோரிக்கையை அசைப்பது கடினம்.

15 நாளில் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதியலாம். அது நீதிமன்றம் அல்ல. உத்தரவு போட முடியாது, எதிர்த்தரப்பைப் பேச அழைக்கும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, ஒப்புக்கொண்ட சேவையைக் குறைத்துச் செய்வது சேவைக் குறைபாடு. ஸ்டுடியோ வெளியூரில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். ஆணையம் விரும்பினால் மேலும் 15 நாள் தரலாம், அதற்கு மேல் இல்லை. பணத்தைத் திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தொகை தரவும் ஆணையம் உத்தரவிடலாம். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் கூடுதல் காலம் ஆவதுண்டு.

வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நம் உதாரணத்தில் அதை ஆல்பம் வந்த அக்டோபரிலிருந்து எண்ணாமல், வந்திருக்க வேண்டிய மே 9-லிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. பெரும்பாலான புகார்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. கணக்கோடு வந்த கடிதத்தைப் பார்த்ததும், பாதிப் படமும் பாதிப் பணமுமாகத் தர போட்டோகிராபர் முன்வரலாம். அப்போது எந்தெந்தப் படம், எந்தத் தேதிக்குள், எவ்வளவு பணம் என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். "இத்துடன் எல்லாம் தீர்ந்தது" என்ற வரியை, படமும் பணமும் கைக்கு வந்த பிறகு மட்டுமே எழுதிக் கொடுக்க வேண்டும்.