மேலாளர் மேசைவரை போக வேண்டிய மின்னஞ்சல்

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில், கம்ப்ரசர் குழாய்களின் காற்றுக் கசிவைக் கண்டுபிடித்து அடைத்துத் தரச் சிறு நிறுவனம் ஒன்று முன்வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இதுவரை பேசியதெல்லாம் பராமரிப்புப் பிரிவின் இளம் பொறியாளரிடம். கையெழுத்துப் போட வேண்டியவரோ பொது மேலாளர்.

“இதை உங்கள் மேலாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கித் தாருங்கள்” என்று எழுதினால், முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இல்லை என்று அந்தப் பொறியாளருக்குச் சொல்லிக்காட்டியது போலாகும். அதோடு, நமக்காக அவர் வாதாடவும் வேண்டியிருக்கும். மேலாளர் குறுக்குக் கேள்வி கேட்டால் மாட்டிக்கொள்பவர் அவர்தான். அதனால்தான் இப்படிப்பட்ட மின்னஞ்சல்கள் பெரும்பாலும் அவர் பெட்டியிலேயே தங்கிவிடுகின்றன.

இப்படி எழுதிப் பார்க்கலாம்:

“வணக்கம். சென்ற வாரம் நீங்கள் எடுத்துக் கொடுத்த அளவீடுகளை வைத்தே இந்தத் திட்டத்தைத் தயாரித்தோம். முதலில் நீங்கள் பார்த்து, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். பொது மேலாளரும் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், அவருக்கென்று ஒரு சுருக்கத்தைக் கீழே கொடுத்திருக்கிறேன். சரியென்று பட்டால் அப்படியே அனுப்பலாம். கேள்விகள் வந்தால், உங்களோடு வந்து நானே விளக்குகிறேன்.”

அளவீடு எடுத்தவர் அவர் என்பது உண்மை. மேலாளர் கண்ணில் அது படுவது அவருக்கும் நல்லது. அவர் உண்மையிலேயே செய்யாத வேலைக்கு மட்டும் பாராட்டு எழுதக் கூடாது. மேலாளர் அதைப் பற்றிக் கேட்டுவிட்டால் அவருக்குத்தான் சங்கடம்.

கீழே வரும் சுருக்கம், நம்மை முன்பின் தெரியாதவருக்கும் தானாகவே புரிய வேண்டும். “75 கிலோவாட் கம்ப்ரசரில் ஏறத்தாழ 15 கிலோவாட் கசிவில் போகிறது. பாதியை அடைத்தாலே மாதம் 5,400 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்றால் 43,200 ரூபாய். செலவு 1,30,000 ரூபாய். ஏறத்தாழ மூன்று மாதத்தில் திரும்பிவிடும். வேலை உற்பத்தி நிற்காத வகையில் நடக்கும்.” மேலாளர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு இதிலேயே பதில் இருப்பதால், பொறியாளர் தன் வாயால் எதையும் விளக்கத் தேவையில்லை.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. ஃபார்வர்டு செய்யும்போது அடியில் கிடக்கும் பழைய உரையாடலும் சேர்ந்தே போகும். “உங்கள் ஜி.எம். விலையைக் குறைக்கச் சொல்வாரா?” என்று போன மாதம் கேட்டது அதில் இருந்தால், அந்த ஜி.எம். அதைப் படிப்பார். ஆகவே பழைய மின்னஞ்சலுக்குப் பதிலாக எழுதாமல், புதிதாகத் தொடங்குவது நல்லது. மேலாளரை நாமே நகலில் சேர்ப்பதும் வேண்டாம். பொறியாளரைத் தாண்டிப் போனதாகவே அது தெரியும்.

ஒரு வாரம் பதில் இல்லையென்றால், “அனுப்பிவிட்டீர்களா?” என்று கேட்டால் கணக்குக் கேட்பது போலிருக்கும். “சுருக்கத்தில் ஏதாவது மாற்றித் தரட்டுமா?” என்று போனில் கேளுங்கள். தயக்கம் விலையிலா, வேலை நாளிலா என்பதை அநேகமாக அப்போது அவரே சொல்லிவிடுவார்.