நாற்பது பைசாவுக்கு எத்தனை காசு?

இந்தியாவில் 20 பைசா நாணயம் 1968-ல் வெளிவந்தது. 25 பைசா அதற்கு முன்பே இருந்தது. நாலணா என்ற பழைய பெயரைச் சனங்கள் அதற்குக் கடைசிவரை விட்டுவைத்திருந்தார்கள். இரண்டும் பல ஆண்டுகள் ஒன்றாகவே புழங்கின. 2011 ஜூன் 30-உடன் 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாமல் போயின. 20-ம் 25-ம் ஒரே கல்லாப்பெட்டியில் கிடந்த அந்தக் காலத்தில், கடைக்காரர் அறியாமலே ஒரு கணக்குச் சிக்கலும் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது.

40 பைசா மீதி தர வேண்டும். கையில் 5, 10, 20, 25 பைசாக் காசுகள் வேண்டிய அளவு இருக்கின்றன. எத்தனை குறைவான காசுகளில் கொடுத்துவிடலாம்? கை தானாகச் செய்வது, இருப்பதில் பெரிய காசை முதலில் எடுப்பது. ஒரு 25 எடுத்தால் பாக்கி 15. அதற்கு ஒரு 10, ஒரு 5. மொத்தம் மூன்று காசு. ஆனால் இரண்டு 20 பைசாக்களை வைத்தாலே வேலை முடிந்துவிடுகிறது. பெரியதை முதலில் எடுத்ததுதான் இங்கே தவறு. இன்றைய 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்களில் இந்தச் சிக்கல் எழாது. அவற்றில் பெரியதிலிருந்து எடுத்துவந்தால் எப்போதும் சரியான விடைதான் கிடைக்கும். எந்த நாணய வரிசையில் அப்படிக் கிடைக்கும், எதில் கிடைக்காது என்பது காசுகளைப் பார்த்த மாத்திரத்தில் தெரிவதில்லை. அதனால், எல்லா வரிசைக்கும் பொருந்தும் ஒரு முறை தேவைப்படுகிறது.

டைனமிக் புரோகிராமிங் அப்படிப்பட்ட முறை. அந்தப் பெயரை வைத்தவர் ரிச்சர்ட் பெல்மன் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர்; 1957-ல் அதே பெயரில் புத்தகமும் எழுதினார். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். பெரிய கேள்வியைச் சிறிய கேள்விகளாக உடைத்து, ஒவ்வொன்றின் விடையையும் ஒருமுறை மட்டும் கண்டுபிடித்துக் குறித்து வைத்துக்கொண்டு, மேலே போகப்போக அந்தக் குறிப்பையே பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான்.

40 பைசாவைக் கொடுக்கும்போது கடைசியாக வைத்த காசு எதுவாக இருந்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். நான்கில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அது 5 என்றால் அதற்கு முன் 35 சேர்ந்திருந்தது. 10 என்றால் 30, 20 என்றால் 20, 25 என்றால் 15. ஆகவே 35, 30, 20, 15 ஆகிய தொகைகளுக்கு எத்தனை காசு வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால், அவற்றில் மிகச் சிறிய எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் போதும். 35-க்கு இரண்டு காசு (25, 10). 30-க்கும் இரண்டு. 15-க்கும் இரண்டு. 20-க்கு ஒன்றே ஒன்று. ஒன்றோடு ஒன்று சேர்த்தால் இரண்டு. 40-க்கு விடை 2.

இதைக் கணினிக்குச் சொல்ல, 0 முதல் வேண்டிய தொகை வரை ஒவ்வொரு பைசாவுக்கும் ஓர் அறை கொண்ட அட்டவணை போதும். அதை dp என்று எழுதுவது வழக்கம். dp[i] என்றால் i பைசாவுக்கு வேண்டிய மிகக் குறைந்த காசுகளின் எண்ணிக்கை.

```python
def min_coins(coins, amount):
    big = amount + 1
    dp = [big] * (amount + 1)
    dp[0] = 0
    for i in range(1, amount + 1):
        for c in coins:
            if c <= i:
                dp[i] = min(dp[i], dp[i - c] + 1)
    return dp[amount] if dp[amount] < big else -1
```

இதில் மூளை முழுவதும் min இருக்கும் வரியில்தான் இருக்கிறது என்று தோன்றும். அந்த வரியைப் பலரும் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். நிரல் கவிழ்வது அதற்கு மேலே, அறைகளில் முதலில் எதை எழுதி வைப்பது என்று முடிவு செய்யும் இரண்டு வரிகளில். min வரி செய்வது ஓர் ஏலத்தைப் போல. அறையில் இருக்கும் எண்ணைவிடக் குறைவாகக் கேட்டு வருபவரே இடம் பிடிப்பார். எனவே தொடக்கத்தில் வைக்கும் எண், எந்த உண்மையான விடையிடமும் தோற்றுப்போகக் கூடியதாக இருக்க வேண்டும்.

எல்லா அறையிலும் 0 வைத்தால் என்ன ஆகும்? 0-க்குக் கீழே எவரும் கேட்க முடியாது. 40-க்கும் 0, 1000-க்கும் 0. -1 வைத்தாலும் அதே கதைதான். dp[5]-க்கு உண்மையான விடை 1. ஆனால் 1, -1 இரண்டில் -1 தான் சிறியது. எல்லா அறையும் -1 ஆகவே நின்றுவிடும். ‘கொடுக்க முடியாது’ என்பதற்கும் அதே -1 தான் அடையாளம் என்பதால், எந்தத் தொகையையும் கொடுக்கவே முடியாது என்று நிரல் அடித்துச் சொல்லும். இந்த இரண்டும் அப்பட்டமான தவறுகள். முதல் சோதனையிலேயே பிடிபட்டுவிடும்.

dp[0]-ல் செய்யும் தவறு இன்னும் கொஞ்சம் தந்திரமானது. 0 பைசா கொடுக்க 0 காசு போதும் என்பதால் அங்கே 0 இருக்க வேண்டும். இதே காசுகளை வைத்துக் கேட்கும் இன்னொரு கேள்வி உண்டு: 40 பைசாவை எத்தனை வழிகளில் கொடுக்கலாம்? அந்தக் கணக்கில் dp[0] = 1 என்று வைப்பதே சரி; எதையும் கொடுக்காமல் இருப்பதும் ஒரு வழி. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் 1 வைத்தால், வரும் ஒவ்வொரு விடையும் ஒன்று கூடுதலாக இருக்கும். 40-க்கு 3 வரும். பெரிய காசை முதலில் எடுக்கும் முறையிலும் 3 தான் வந்தது என்பதைக் கவனியுங்கள். சோதிப்பவர் min வரியைத்தான் சந்தேகப்படுவார். குற்றவாளியோ மேலே உட்கார்ந்திருக்கும்.

சரி, மிகப் பெரிய எண்ணையே வைத்துவிடலாம் என்று அடுத்து தோன்றும். சி++ மொழியில் INT_MAX, ஜாவாவில் Integer.MAX_VALUE. இரண்டும் வழக்கமாக 2147483647, அதாவது 32 பிட் முழு எண்ணின் உச்சம். சிக்கல் அந்த உச்சத்திலேயே இருக்கிறது. அதோடு 1 கூட்டினால் ஜாவாவில் எண் சுற்றிக்கொண்டு -2147483648 ஆகிவிடும். சி++ மொழியின் விதிகள் அப்போது என்ன நடக்கும் என்று உத்தரவாதம் தருவதில்லை. நடைமுறையில் பெரும்பாலும் இதேதான் நடக்கும்.

இதைக் காண 40 பைசா உதவாது. 40-லிருந்து 5, 10, 20, 25 எதைக் கழித்தாலும் ஐந்தின் மடங்குதான் வரும். அந்த அறைகளில் எல்லாம் உண்மையான விடை இருக்கும். நிரல் சரியாக 2 என்று சொல்லும். 42-ஐக் கொடுத்துப் பாருங்கள். 5 பைசாவே சிறிய காசு என்பதால் 42 பைசா தர முடியாது. dp[2]-ல் 2147483647 அப்படியே இருக்கிறது. dp[7]-க்கு வரும்போது dp[2] + 1 என்று கூட்டுகிறோம், விடை -2147483648. min அதை ஆவலோடு வாரிக்கொள்கிறது, அதைவிடச் சிறிய எண் கிடையாதே! அங்கிருந்து அது 12, 17, 22 என்று பரவி, கடைசியில் dp[42]-ல் -2147483647 வந்து நிற்கும். பார்க்க அருவருப்பான எண்தான். ஆனாலும் ஒரு வகையில் நல்லது; ஏதோ கெட்டுவிட்டது என்று அதுவே சொல்லிவிடுகிறது.

சொல்லாமல் கெடுக்கும் ஒன்று இருக்கிறது. முடியாத தொகைகளை -1 என்றே அட்டவணையில் குறித்துவைக்க நினைப்பவர்கள், சிறிய எண்ணைத் தனியே கண்டுபிடித்து அறையில் எழுதுவார்கள். அப்போது உள்வரிகள் இப்படி இருக்கும்:

```python
best = big
for c in coins:
    if c <= i:
        best = min(best, dp[i - c] + 1)
dp[i] = best if best < big else -1
```

இங்கே min அறையில் பழைய எண்ணோடு மோதவில்லை; ஆகவே ஐந்தின் மடங்குகள் எல்லாம் சரியாக வரும். ஆனால் dp[2] = -1. dp[7]-க்கு -1 + 1 = 0. ஏழு பைசாவைக் காசே இல்லாமல் கொடுத்துவிடலாம் என்று அட்டவணை சொல்கிறது. ‘முடியாது’ என்ற குறியை எண்ணாக நினைத்துக் கூட்டியதன் பலன் இது. இதே போக்கில் 42-க்கு வரும் விடை 1. ஒரே ஒரு காசு! -2147483647-ஐப் பார்த்துத் திடுக்கிடும் எவரும் 1-ஐப் பார்த்துத் திடுக்கிட மாட்டார்கள். நான் பார்த்த வரையில் இந்த வகைத் தவறுகளில் இதுதான் மோசமானது. மருந்து எளிது: கூட்டும் முன் அந்த அறையில் -1 இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், `if c <= i and dp[i - c] != -1` என்று எழுதினால் போதும்.

பெரிய எண் என்றால் எவ்வளவு பெரியது? 100 போதும் என்று சிலர் நினைப்பார்கள். நம் காசுகளில் பெரியது 25 பைசா. 99 காசுகளில் அதிகபட்சம் 2475 பைசாதான் தர முடியும். அதற்கு மேல் 2480 என்றால் உண்மையான விடை 100. அறையில் முதலிலேயே 100 இருக்கிறது. நிரல் அதைப் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லிவிடும். இருபத்தைந்து ரூபாயைக்கூட எட்டாத ஒரு தொகையில் கணக்கு கவிழ்ந்துவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள தொகைகளில் எத்தனை சோதனை செய்தாலும் இது தெரியாது.

நிரலில் big = amount + 1 என்று இருப்பதன் நியாயம் இதுதான். எந்தக் காசும் குறைந்தது 1 பைசா மதிப்புள்ளதாக இருக்கும். அதனால் 42 பைசாவுக்கு 42 காசுகளுக்கு மேல் ஒருபோதும் வேண்டியிருக்காது. 43 என்பது எந்த உண்மையான விடையிடமும் தோற்கும். 1 கூட்டினால் 44 ஆகும். உச்சத்தைத் தொட்டுச் சுற்றிக்கொள்ளவும் போகாது. பைத்தானில் float('inf') வைத்தாலும் சரியாகவே நடக்கும். முடிவிலியோடு 1 கூட்டினால் முடிவிலிதான். எனக்கு amount + 1 தான் பிடிக்கும், ஏனென்றால் அது ஏன் போதும் என்பதை ஒரே வாக்கியத்தில் நிறுவிவிடலாம்.

நீங்கள் எழுதிய நிரலைச் சோதிக்க 40-ஐ மட்டும் கொடுத்து நிறுத்தாதீர்கள். 0-ஐக் கொடுங்கள், 0 வர வேண்டும். 3-ஐயும் 42-ஐயும் கொடுங்கள், இரண்டுக்கும் -1 வர வேண்டும். 2500-ஐக் கொடுத்தால் சரியாக 100 வர வேண்டும்.