நான்கு எல்லைக்கற்களும் ஒரு மனைப்பிரிவு வரைபடமும்

மனைப்பிரிவு வரைபடம் ஒன்றை ஆட்டோகேடில் திறந்து பாருங்கள். மனைகள், சாலைகள், பூங்காவுக்கு ஒதுக்கிய இடம், மனை எண்கள், நீள அகலங்கள் எல்லாம் இருக்கும். அந்த நிலம் பூமியில் எங்கே இருக்கிறது என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. வரைந்தவர் தாளில் அடங்குவதற்காகச் சாலையைக் கிடைமட்டமாகத் திருப்பியிருப்பார். தென்மேற்கு மூலைக்கு 100, 100 என்று வசதியான ஓர் எண்ணைக் கொடுத்திருப்பார். அனுமதி வாங்கவும் மனை விற்கவும் அது போதும். ஆனால் அதே வரைபடத்தை ஏரி எல்லையோடும் குடிநீர்க் குழாய்ப் பாதையோடும் பக்கத்துப் புல எண்களோடும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால், அதை ஜிஐஎஸ் எனப்படும் புவிசார் தகவல் அமைப்புக்குள் சரியான ஆயத்தொலைவுகளோடு கொண்டுவந்தாக வேண்டும்.

கரூர் அருகே கிழக்கு மேற்காக 240 மீட்டர், தெற்கு வடக்காக 180 மீட்டர் உள்ள மனைப்பிரிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பத்தரை ஏக்கருக்குச் சற்று மேல். வரைபடத்தை அப்படியே கியூஜிஐஎஸ் மென்பொருளில் இறக்கி, இந்தப் பகுதிக்குரிய யூடிஎம் 44 வடக்கு மண்டலம், அதாவது `EPSG:32644`, என்று பெயர் சூட்டினால் என்ன ஆகும்? மனைப்பிரிவு கன்னியாகுமரிக்குத் தெற்கே சுமார் 900 கிலோமீட்டரில், நிலநடுக்கோட்டை ஒட்டி இந்தியப் பெருங்கடலில் போய் விழும். பெயர் சூட்டுவதால் எண்கள் மாறுவதில்லை. 100, 100 என்பது 100, 100 ஆகவேதான் இருக்கும். இந்தத் தவறு யார் கண்ணிலும் படும் என்பதால் ஆபத்தில்லை. அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தள்ளி உட்காரும் வரைபடம்தான் ஆபத்தானது. பார்க்கச் சரியாகவே தெரியும். பக்கத்து நிலத்துக்காரர் வேலி போடும்போதுதான் தெரியவரும்.

முதல் வேலை ஆட்டோகேடிலேயே இருக்கிறது. ஒரு மூலையில் `ID` கட்டளை கொடுத்து ஆயத்தொலைவைப் படியுங்கள். கிழக்கு மதிப்பு 1,81,000-ஐ ஒட்டியும் வடக்கு மதிப்பு 12,13,000-ஐ ஒட்டியும் வந்தால், வரைபடம் ஏற்கெனவே யூடிஎம்மில் இருக்கிறது என்று பொருள். அதை நகர்த்தவே கூடாது. மண்டலத்தின் பெயரைச் சூட்டினால் போதும். 1250, 3120 என்பதுபோல் வந்தால், சர்வேயர் முன் இலக்கங்களை வெட்டிவிட்டு எழுதியிருக்கலாம். அப்போது அவரைக் கேட்டு அந்த இலக்கங்களைத் திரும்பச் சேர்ப்பதே வழி. 100, 100 என்று வந்தால்தான் பொருத்தும் வேலை தேவை.

அடுத்து அலகு. முப்பதுக்கு நாற்பது அடி மனையின் நீண்ட பக்கத்தை `DIST` கட்டளையால் அளந்தால் 12.19 வந்தால் மீட்டர், 40 வந்தால் அடி, 12192 வந்தால் மில்லிமீட்டர். கோட்டின் மேல் எழுதியிருக்கும் அளவை நம்பக்கூடாது. அதைக் கையால் மாற்றி எழுத முடியும். பல அலுவலகங்களில் கோட்டைத் திருத்தாமல் எழுத்தை மட்டும் திருத்திவிடுவார்கள். ஜிஐஎஸ்ஸுக்குப் போவது கோடுதான்.

மண்டலத் தேர்வில் தமிழ்நாட்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. யூடிஎம் முறை பூமியை ஆறு பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. அதில் 43-க்கும் 44-க்கும் நடுவிலான கோடு, 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை, நம் மாநிலத்தின் ஊடாகவே ஓடுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நெல்லை நகரங்கள் 43-இல் வரும். சென்னை, திருச்சி, மதுரை, சேலம் 44-இல் வரும். கரூர் அந்தக் கோட்டுக்கு ஒன்பது கிலோமீட்டர் கிழக்கே இருப்பதால் 44. ஈரோட்டில் வேலை செய்து பழகிய ஒருவர் கைப்பழக்கத்தில் 43 என்று கொடுத்துவிட்டால், கரூர் மனைப்பிரிவு லட்சத்தீவின் அகத்தி தீவுப் பக்கம் கடலில் தெரியும்.

இனி நிலத்துக்குப் போக வேண்டும். வரைபடத்திலும் மண்ணிலும் ஐயமில்லாமல் அடையாளம் காணக்கூடிய புள்ளிகள் தேவை. எல்லைக்கற்களே அதற்குச் சரி. கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் முன்பின் இருக்கும்; செயற்கைக்கோள் படமும் சில மீட்டர் விலகியிருக்கலாம். டிஜிபிஎஸ் கருவியால் ஒழுங்காக அளந்தால் சில சென்டிமீட்டருக்குள் கிடைக்கும். புள்ளிகள் நான்கு மூலைகளிலும் பரவியிருக்க வேண்டும். நுழைவாயிலுக்குப் பக்கத்தில் மூன்று கற்களை அளந்துவிட்டு வந்தால், மறுகோடியில் வரைபடம் எப்படித் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்ல ஆளில்லை.

நம் மனைப்பிரிவின் நான்கு மூலைகளுக்கும் கிடைத்த அளவுகள் இவை என்று வைத்துக்கொள்வோம். தென்மேற்கில் தொடங்கி, தென்கிழக்கு, வடகிழக்கு, வடமேற்கு என்ற வரிசை. முதல் இரண்டு எண்கள் நிலத்தில் அளந்தவை, அடுத்த இரண்டும் வரைபடத்தில் உள்ளவை:

```
mapX,mapY,sourceX,sourceY,enable
181250.40,1213120.75,100.00,100.00,1
181485.36,1213170.69,340.00,100.00,1
181447.90,1213346.91,340.00,280.00,1
181214.14,1213296.97,100.00,280.00,1
```

முதல் இரண்டு கற்களுக்கு இடையே வரைபடத்தில் 240.00 மீட்டர். நிலத்தில் அளந்த ஆயத்தொலைவுகளிலிருந்து கணக்கிட்டால் 240.21 வருகிறது. இந்த 21 சென்டிமீட்டரைக் கண்டு யாரையும் குறை சொல்ல வேண்டியதில்லை. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும்போது யூடிஎம் எங்காவது நீட்டியோ சுருக்கியோ ஆக வேண்டும். 44-ஆம் மண்டலத்தின் நடுக்கோடான 81 பாகையில் ஒரு கிலோமீட்டர் 999.6 மீட்டராகச் சுருங்கும். மண்டலத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள கரூரில் அதே ஒரு கிலோமீட்டர் ஏறக்குறைய 1000.86 மீட்டராக நீளும். நாடாவால் அளந்து வரைந்த வரைபடம் இங்கே 1.00086 மடங்கு பெரிதானால் அதுதான் சரி. பொருத்தும்போது வரும் மடங்கு 0.3048 என்றோ 0.001 என்றோ இருந்தால் அலகில் தவறு. 1.01 என்று இருந்தால் ஏதோ ஒரு கல்லோ கோடோ பொய் சொல்கிறது.

வரைபடத்தின் வடக்கு அம்புக்குறியை வைத்துத் திருப்பிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கரூரில் உண்மை வடக்குக்கும் யூடிஎம் கட்ட வடக்குக்கும் அரைப் பாகைக்குச் சற்று அதிக வேறுபாடு. 240 மீட்டர் நீளத்தில் அது இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிவிடும். எவ்வளவு திருப்ப வேண்டும் என்பதைக் கற்களே சொல்லட்டும்.

டிஎக்ஸ்எஃப் கோப்பை கியூஜிஐஎஸ்ஸில் ஜியோபேக்கேஜாக மாற்றிக்கொண்டு, `Georeferencer` கருவியில் இந்தப் புள்ளிகளைக் கொடுத்தால், எந்த முறையில் பொருத்த வேண்டும் என்று அது கேட்கும். வேலையின் உயிர்நாடி இந்தக் கேள்விதான். `Helmert` என்ற முறை வரைபடத்தை நகர்த்தும், திருப்பும், ஒரே மடங்கில் பெரிதாக்கும், வளைக்காது, சாய்க்காது. `Polynomial 1` சாய்க்கவும் செய்யும். `Thin Plate Spline` ரப்பர் துணியைப் போல் ஒவ்வொரு புள்ளியையும் அதனதன் இடத்துக்கு இழுத்து ஒட்டிவிடும்.

நம் எடுத்துக்காட்டில் வடமேற்குக் கல் 1.2 மீட்டர் கிழக்கே நகர்ந்திருக்கிறது. டிராக்டர் இடித்திருக்கலாம், யாராவது பிடுங்கி நட்டிருக்கலாம். அளப்பவருக்கு அது தெரியாது. `Helmert` முறையில் பொருத்தினால் ஒவ்வொரு புள்ளிக்கும் எஞ்சும் விலகல் இப்படி வரும்: வடமேற்கில் 60 சென்டிமீட்டர், தென்மேற்கில் 48, வடகிழக்கில் 36, எதிர்மூலையான தென்கிழக்கில் ஏறக்குறைய சுழியம். 1.2 மீட்டர் தவறு தன் இடத்தில் பாதியாகத் தெரிகிறது, மீதி பக்கத்துக் கற்கள் மேல் ஏறிக்கொள்கிறது. ஆனாலும் பெரிய எண் எங்கே என்பது தெளிவு. அந்தக் கல்லை மட்டும் விலக்கிவிட்டு மறுபடி பொருத்திப் பாருங்கள். மற்ற மூன்றும் சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கும்; வடமேற்குக் கல் இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் 1.2 மீட்டர் என்று முழுதாக வெளிப்படும்.

இதே புள்ளிகளை `Polynomial 1` முறைக்குக் கொடுத்தால் நான்கு மூலையிலும் 30 சென்டிமீட்டர் என்று சமமாக வரும். எண் சிறியது, பார்க்க அழகு; ஆனால் எந்தக் கல் குற்றவாளி என்பது மறைந்துபோகும். `Thin Plate Spline` கொடுத்தால் எல்லாமே சுழியம். நான்கு கற்களும் கச்சிதமாகப் பொருந்தியிருக்கும், வடமேற்கு மூலையில் உள்ள மனைகள் மட்டும் கோணலாகியிருக்கும். ஸ்கேன் செய்த பழைய தாள் சுருங்கி நெளிந்திருந்தால் அந்த முறைகளுக்கு வேலை உண்டு. கணினியில் வரைந்த வரைபடம் நெளிவதில்லை. அதற்கு `Helmert` தவிர வேறு எதையும் பயன்படுத்தக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கல் நகர்ந்ததா, வரைபடம் தவறா என்பதைக் கணினி சொல்லாது. புலப்படத்தின் அளவுகளோடு அந்த மூலைக்குப் போய் நாடா பிடித்துப் பார்க்க வேண்டும். விலகல் எண்கள் காட்டாத தவறு இன்னொன்றும் உண்டு. டிஜிபிஎஸ் கருவியின் நிலையான பகுதி நிற்கும் புள்ளியின் ஆயத்தொலைவே ஒரு மீட்டர் தவறு என்றால், நான்கு கற்களும் ஒன்றாக ஒரு மீட்டர் நகரும். ஒன்றுக்கொன்று சரியாகவே பொருந்தும். அதனால் வேறு அளவையில் ஏற்கெனவே நம்பகமாக நிறுவப்பட்ட ஒரு புள்ளியை அதே நாளில் அளந்து ஒப்பிட வேண்டும். பொருத்தப் பயன்படுத்தாத ஓர் உள்கல்லையும் அளந்து வைத்துக்கொண்டால், இறுதி வரைபடத்தில் அது எங்கே விழுகிறது என்று சோதிக்கலாம்.

கோடுகளுக்கு ஒரு கோப்பும் மனை எண்களுக்கு இன்னொரு கோப்பும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே புள்ளிப் பட்டியலைத்தான் பயன்படுத்த வேண்டும். பிறகு கோடுகளை மூடிய பரப்புகளாக்கி, ஒவ்வொரு மனைக்குள்ளும் விழும் எண்ணை அந்த மனையோடு இணைத்து, மனை, சாலை, பொது இடம் என்று தனித்தனி லேயர்களாகப் பிரிக்கலாம். மூலையில் கோடுகள் ஒரு மில்லிமீட்டர் தொடாமல் நின்றாலும் மனை மூடாது. உருவான மனைகளின் எண்ணிக்கையை அனுமதி பெற்ற வரைபடத்தோடு சரிபார்த்தால் விட்டுப்போனது தெரியும்.

பரப்பளவு கணக்கிடும்போது மட்டும் கவனம். யூடிஎம் நீளம் 1.00086 மடங்கு என்றால் பரப்பு 1.0017 மடங்கு. 1200 சதுர அடி மனை `area($geometry)` என்று கேட்டால் 1202 சதுர அடிக்கு இணையான எண்ணைச் சொல்லும். `$area` என்று கேட்டால், திட்டத்தில் நீள்கோளம் சரியாகக் குறிக்கப்பட்டிருந்தால், பூமியின் உருண்டையைக் கணக்கில் எடுத்து 1200-ஐ ஒட்டிய எண்ணைத் தரும். பத்திரத்திலும் அனுமதி வரைபடத்திலும் உள்ள பரப்பைத் தனிக் கட்டத்தில் எழுதிவைப்பதே முறை. கணினி கணக்கிட்டதை அதன் மேல் எழுதக்கூடாது.

ஊராட்சிக்கோ நிறுவனத்துக்கோ இப்படி ஒரு ஜிஐஎஸ் கோப்பை யாரேனும் தந்தால், கோப்போடு புள்ளிப் பட்டியலையும், பயன்படுத்திய முறையின் பெயரையும், ஒவ்வொரு கல்லின் விலகலையும் கேட்டு வாங்குங்கள். எல்லா விலகலும் சுழியம் என்று எழுதியிருந்தால் அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள்.