‘இரண்டே நிமிடம்’ என்று எழுதும் முன்

பொருள் வாங்கிய சில நாளில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம். இரண்டே நிமிடம்தான் ஆகும்’ என்கிறது. வாடிக்கையாளரும் நம்பி லிங்கைத் தொடுகிறார். முதல் பக்கத்தில் பெயர், ஊர், வயது, மாத வருமானம். அடுத்த பக்கத்தில் பன்னிரண்டு வரிசையில் ஒரு பெரிய அட்டவணை. போன் திரையில் அதில் பாதிதான் தெரிகிறது. நான்காவது பக்கம் வந்ததும் அவர் விலகிவிடுகிறார். அதே நிறுவனம் அடுத்த முறை கருத்துக் கேட்டு எழுதினால், அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

சர்வே அனுப்பும் நிறுவனங்கள் இதைப் ‘பதில் சொல்லச் சோம்பல்படும் ஜனங்கள்’ என்று எடுத்துக்கொள்கின்றன. அது தவறான முடிவு. அந்த வாடிக்கையாளர் பதில் சொல்ல வந்தார். சொன்னபடி நடக்கவில்லை என்பதால் திரும்பிப் போனார்.

நிமிடத்தைக் குறைத்துச் சொன்னால் என்ன ஆகும் என்பது சோதித்துப் பார்க்கப்பட்ட விஷயம். மிர்தா கலேசிக், மைக்கேல் போஸ்ன்யாக் என்ற இரு ஆய்வாளர்கள் 2009-ல் ஒரு இணையச் சர்வே பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். அழைக்கப்பட்டவர்களில் சிலரிடம் 10 நிமிடம் ஆகும் என்றும், சிலரிடம் 20 என்றும், மற்றவர்களிடம் 30 என்றும் சொல்லப்பட்டது. சொன்ன நேரம் கூடக்கூட, தொடங்கியவர்களும் முடித்தவர்களும் குறைந்தார்கள். இதுவரை எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். அதோடு இன்னொன்றும் தெரியவந்தது. கேள்வித்தாளின் பின்பகுதிக்கு வந்த கேள்விகளுக்குப் பதில் அவசரமாக வந்தது. எழுதிச் சொல்ல வேண்டிய பதில்கள் சுருங்கின. வரிசையாக அமைந்த கேள்விகளுக்கு ஒரே மாதிரியான பதில்கள் விழுந்தன. அதாவது, நீளமான சர்வேயை முடித்தவர்களின் பதிலிலும் கடைசிப் பகுதியை முழுதாக நம்ப முடியாது.

எனவே குறைத்துச் சொல்லி ஆளை உள்ளே இழுப்பதில் லாபமில்லை. சர்வேயையே குறைத்துவிட்டு, உண்மையான நேரத்தைச் சொல்வதுதான் வழி.

அந்த உண்மையான நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்விகளை எழுதியவர் தன் கணினியில் நிரப்பிப் பார்த்தால் பாதி நேரத்தில் முடித்துவிடுவார். அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அலுவலகத்துக்கு வெளியே ஐந்தாறு பேரிடம் கொடுத்து, அவரவர் போனிலேயே நிரப்பச் சொல்லி, நேரத்தைக் குறிக்க வேண்டும். மூன்று நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம் வரை ஆனது என்றால், கடிதத்தில் எழுத வேண்டியது ‘சுமார் ஐந்து நிமிடம்’. கேள்விகளின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் தெளிவு. ‘ஆறு கேள்விகள், கடைசிக் கேள்விக்கு மட்டும் எழுதிப் பதில் சொல்ல வேண்டும்’ என்றால் படிப்பவருக்கு என்ன வேலை என்று புரிந்துவிடும்.

நேரத்துக்கு அடுத்தது நோக்கம். ‘எங்கள் சேவையை மேம்படுத்த’ என்ற வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது. அதனால் அதை யாரும் படிப்பதில்லை. எந்த முடிவை எடுப்பதற்காகக் கேட்கிறோம் என்று சொன்னால்தான் அது நோக்கம். கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்து ஆன்லைனில் விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். சர்வீஸ் கேட்டவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். அதன் கடிதம் இப்படி இருக்கலாம்:

‘வணக்கம். போன மாதம் உங்கள் கிரைண்டரை எங்கள் ஆள் வந்து சரிபார்த்தார். சர்வீஸ் ஆட்களை எந்தெந்த ஊரில் கூட்டுவது என்று இந்த மாதக் கடைசியில் முடிவு செய்யப் போகிறோம். அதற்காக ஆறு கேள்விகள் கேட்கிறோம். நான்கு நிமிடம் ஆகும். உங்கள் பதிலை எங்கள் சர்வீஸ் பிரிவில் மட்டும் பார்ப்பார்கள். இதை வைத்து எதையும் விற்க உங்களை அழைக்க மாட்டோம். 25-ம் தேதிக்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும்.’

இதில் ஊர் எது, மாடல் எது என்று கேட்க வேண்டியதே இல்லை. பில்லிலேயே இருக்கிறது. தெரிந்ததைத் திரும்பக் கேட்காமல் விட்டாலே பல சர்வேக்கள் பாதியாகச் சுருங்கிவிடும். கடிதத்தின் சப்ஜெக்ட் வரியும் இதே போல நேராக இருக்கட்டும்: ‘உங்கள் கிரைண்டர் சர்வீஸ் பற்றி ஆறு கேள்விகள்’. ‘அவசரம்’, ‘பரிசு காத்திருக்கிறது’ போன்ற சொற்கள் மோசடி மின்னஞ்சல்களில் வந்து வந்து கெட்டுப்போய்விட்டன. அனுப்புநர் முகவரியும் பதில் எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். கருத்துக் கேட்டுவிட்டு ‘இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்பது முரண்.

‘எதையும் விற்க மாட்டோம்’ என்று எழுதினால் அதன்படி நடக்கவும் வேண்டும். சர்வே என்று சொல்லி விற்பனைக்கு ஆள் பிடிப்பதைச் சந்தை ஆய்வுத் துறையின் நடத்தை நெறிகள் வெளிப்படையாகத் தடுக்கின்றன. இந்தியாவில் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒப்புதல் பெற்ற நோக்கத்துக்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்தலாம் என்பதைத்தான் வலியுறுத்துகிறது.

நேர்மை தவறும் இன்னோர் இடம், ‘நீங்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது’ என்ற உறுதிமொழி. பதில் தராதவர்களுக்கு மட்டும் நினைவூட்டல் அனுப்ப, ஒவ்வொருவருக்கும் தனி லிங்க் கொடுப்பது வழக்கம். தனி லிங்க் இருந்தால் யார் பதில் சொன்னார் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். அப்போது ‘ரகசியமாக வைத்துக்கொள்வோம்’ என்று சொல்லலாம். ‘யாரென்றே தெரியாது’ என்று சொல்லக் கூடாது. நினைவூட்டல் என்றால் நாலைந்து நாள் கழித்து ஒன்று, கடைசித் தேதிக்கு முந்தைய நாள் ஒன்று போதும். முதல் கடிதத்தைத் தவறவிட்டவர்கள் கணிசமாகப் பதில் தருவது இந்த நினைவூட்டலுக்குத்தான்.

முதல் கேள்வியைக் கடிதத்துக்குள்ளேயே பட்டன்களாக வைத்துவிடுவது இப்போது பரவலாகியிருக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்கள். தொட்டால் பதில் பதிவாகி, மீதிக் கேள்விகள் திறக்கும். தொடங்குபவர்களைக் கூட்ட நல்ல உத்திதான். ஆனால் பெரிய அலுவலகங்களின் மின்னஞ்சல் பாதுகாப்பு மென்பொருள்கள் கடிதத்தில் உள்ள லிங்க்குகளைத் தாமே திறந்து சோதிக்கும். கடிதம் போய்ச் சேர்ந்த சில நொடிகளில் ஒரே முகவரியிலிருந்து ஐந்து எண்களும் அழுத்தப்பட்டிருந்தால் அழுத்தியது மனிதர் இல்லை. திறந்த பக்கத்தில் ‘சமர்ப்பி’ என்று இன்னொரு பட்டனைத் தொட்டால்தான் பதில் கணக்கில் சேரும்படி வைத்தால் இந்தக் குழப்பம் தீரும்.

பதில்கள் நிறைய வந்துவிட்டால் மட்டும் போதாது. 1936-ல் அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குத் தேர்தல் கருத்துக்கணிப்புச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். சீட்டு போன முகவரிப் பட்டியலும் ஒருதலையாக இருந்தது, பதில் எழுதியவர்களும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தார்கள். கிரைண்டர் நிறுவனமும் இதைச் சோதிக்கலாம். சர்வீஸ் கேட்டவர்களில் பாதிப் பேர் மதுரை, திருநெல்வேலிப் பக்கம் இருந்து, பதில் தந்தவர்களில் முக்கால்வாசி கோவைக்காரர்கள் என்றால், தெற்கே எத்தனை ஆள் வேண்டும் என்பதை அந்தப் பதில்களை வைத்து முடிவு செய்யக் கூடாது. விட்டுப்போன ஊர்க்காரர்கள் இருபது பேரைப் போனில் அழைத்துக் கேட்பது நல்லது.

முடிவு எடுத்ததும் பதில் தந்தவர்களுக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் போக வேண்டும்: இத்தனை பேர் பதில் சொன்னார்கள், இன்ன ஊரில் இத்தனை ஆள் கூட்டியிருக்கிறோம் என்று. சர்வே நடத்துபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தக் கடிதத்தைத்தான். கேள்விகளை அனுப்பும் நாளிலேயே இதை அனுப்ப வேண்டிய நாளையும் காலண்டரில் குறித்து வைத்துவிடுங்கள்.