முதுமையில் உலர்ந்த தோலுக்கு எந்தக் கிரீம், எந்தச் சோப்பு?

ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியே திருநெல்வேலிச் சமவெளிக்கு வரும் காற்று உலர்ந்தே வீசுகிறது. முதியோரின் தோலில் கொழுப்பு குறைந்திருப்பதால், அக்காற்றில் முழங்காலுக்குக் கீழே தோல் வெடித்து அரிக்கத் தொடங்குகிறது.

இத்தகையோருக்கு முதலில் பார்க்க வேண்டியது பதம். புட்டியைச் சாய்த்தால் ஒழுகும் லோஷனில் பெரும்பகுதி நீரே. பூசிய சிறிது நேரத்தில் அது உலர்ந்துவிடும். டப்பாவில் கவிழாமல் நிற்கும் கெட்டியான கிரீம் கால்களுக்கு ஏற்றது. வெடிப்பு மிகுந்த இடத்திற்கு வாசலின் போன்ற களிம்பு மேலும் நல்லது. உறையில் உட்பொருள்கள் பொதுவாக அளவில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தப்படும். வெள்ளை மென்பாரஃபின், திரவப் பாரஃபின், கிளிசரின் ஆகியவை முதல் சில பெயர்களுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மணமற்ற தேங்காயெண்ணெயும் பயன்தரும்.

விலை உயர்ந்த சிறு குழாய்களை நாங்கள் ஊக்குவிப்பதில்லை. காரணம் அளவுதான். சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கும் கிரீம் ஏறக்குறைய அரை கிராம். பாதம் உட்பட ஒரு காலுக்கு எட்டு விரல்நுனி அளவு, அதாவது 4 கிராம் வேண்டும். இரு கால்களுக்கும் நாளைக்கு இருமுறை பூசினால் 16 கிராம் ஆகும். 50 கிராம் குழாய் மூன்று நாளில் தீர்ந்துவிடும். மிச்சப்படுத்த எண்ணிச் சிறிதாகத் தடவினால் பலன் கிட்டாது. ஆகவே மலிவான பெரிய டப்பாவே மேல்.

குளித்துத் துடைத்த சில நிமிடங்களுக்குள், ஈரம் அகலுமுன் பூச வேண்டும். விரலிடுக்குகளில் பூச வேண்டாம். பூசிய கால்களுடன் வழவழப்பான தரையில் உடனே நடப்பதும் ஆபத்து. பாரஃபின் ஊறிய துணி எளிதில் தீப்பற்றும். அடுப்பு, விளக்கு அருகே கவனம் தேவை.

சோப்பின் உறையில் உள்ள டி.எஃப்.எம். எண்ணைத் தோலுக்குக் கிடைக்கும் கொழுப்பு எனப் பலர் கருதுகின்றனர். அது பெரும்பாலும் சோப்பாகவே மாறிவிட்ட கொழுப்பின் அளவு. 76 சதவீதத்திற்கு மேலுள்ள முதல்தரச் சோப்பும் காரத்தன்மை உடையதே. தோலோ இலேசான அமிலத்தன்மை கொண்டது. சோப்பற்ற மென்கழுவி கிடைத்தால் நன்று. இல்லையெனில் அக்குள், இடுப்புமடிப்பு, பாதங்களுக்கு மட்டும் சோப்பிட்டு, கைகால்களை வெதுவெதுப்பான நீரால் கழுவினால் போதும்.

சந்தன, மல்லிகை மணம் எவருக்கும் பிடித்ததே. எனினும் வெடித்த தோலில் வாசனைப் பொருள் ஒவ்வாமையைத் தூண்டக்கூடும். 'மணமற்றது' என்று அச்சிட்டிருந்தாலும், வாடையை மறைக்க வேறொரு மணம் சேர்த்திருக்கலாம். பட்டியலில் 'பெர்ஃப்யூம்', 'ஃப்ரேக்ரன்ஸ்' என்ற சொற்கள் இருந்தால் தவிர்த்துவிடுங்கள். புதிய கிரீமை முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணய அளவில் ஒரு வாரம் பூசிப் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ அது உங்களுக்கு ஆகாது.

இரண்டு வாரம் முறையாகப் பூசியும் அரிப்பு தணியாவிட்டால், அல்லது தடிப்பே இன்றி உடலெங்கும் அரித்தால், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டியிருக்கலாம். அப்போது கிரீமை மாற்றிக்கொண்டிராமல் மருத்துவரிடம் வாருங்கள். பயன்படுத்திய உறைகளையும் உடன் கொண்டு வாருங்கள்.